கலாய்ச்சான் சரி, கலாய்ஞ்சான் ஏன் தப்பு?

கல்லூரி மாணவர்கள் பேசும் ஸ்லாங்கைக் கொச்சை என்று ஒதுக்குவது பழகிப்போன வழக்கம். அதற்குள்ளும் பிசகாத விதிகள் இயங்குகின்றன என்கிறது மொழியியல். முதலாண்டு மாணவர் ஒருவர் எழுப்பிய கேள்விக்கு, அவருடைய விரிவுரையாளர் எழுதிய பதில் கடிதம் இது.

அன்புள்ள தம்பி,

உன் முதல் கட்டுரையின் கடைசிப் பத்தியைப் படித்தேன். "ஸ்லாங் என்பது இலக்கணம் தெரியாதவர்கள் மொழியைச் சிதைத்துப் பேசுவது. சிதைந்துபோன ஒன்றில் ஆராய என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறாய். மனதில் பட்டதை மறைக்காமல் எழுதியதற்கு முதலில் என் பாராட்டு. இந்தத் துறைக்குள் வருகிற பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும், ஆனால் வெளியே சொல்லமாட்டார்கள். வகுப்பு மணி அடிப்பதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

ஒரு சொல்லை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'விதி' என்றதும் உனக்கு நினைவுக்கு வருவது பள்ளி இலக்கணம். இப்படி எழுது, அப்படி எழுதாதே என்று வெளியிலிருந்து ஒருவர் இடும் கட்டளை. மொழியியலில் நாங்கள் விதி என்று சொல்வது வேறு. பேசுகிறவர் தனக்குத் தெரியும் என்றே அறியாமல், யாரும் சொல்லித்தராமல், தவறாமல் பின்பற்றுகிற ஒழுங்குதான் எங்களுக்கு விதி. அது இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மக்கள் என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் பார்த்தால் போதாது, எதை ஒருபோதும் பேசுவதில்லை என்றும் பார்க்க வேண்டும். உண்மையிலேயே சிதைந்த பேச்சாக இருந்தால் அது கண்டபடி சிதைந்திருக்க வேண்டும். எல்லா வடிவங்களும் காதில் விழ வேண்டும். சில வடிவங்கள் மட்டும் யார் வாயிலிருந்தும் வருவதே இல்லை என்றால், அங்கே ஏதோ ஒன்று தடுக்கிறது. அந்தத் தடைதான் விதி.

இது மேல்நாட்டிலிருந்து வந்த புதுப் பார்வை என்று நினைத்துவிடாதே. பள்ளியில் குழூஉக்குறி படித்திருப்பாய். நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பிரிக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொண்ட சொற்கள் அவை. இன்றைய ஸ்லாங்குக்கு மிக நெருங்கிய உறவு. அவற்றைப் பிழை என்று தள்ளாமல் வழக்கு என்ற தலைப்பின் கீழேயே நன்னூலார் வைத்தார் என்பதைக் கவனி. அந்தச் சொற்கள் தமிழுக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் யோசித்துப் பார். வேடன் 'சொல்விளம்பியைக் குடித்தான்' என்றுதான் சொல்லியிருக்க முடியும். பெயரை மாற்றலாம், ஆனால் அந்த 'ஐ' உருபை விட்டுத் தப்ப முடியாது. சொல் கூட்டத்துக்குச் சொந்தம், அதை வாக்கியத்தில் பூட்டும் இலக்கணம் எல்லோருக்கும் பொது.

ஒரு வினைச்சொல்லின் வழித்தடம்

இனி உன் வாயில் தினமும் புழங்குகிற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். கலாய்.

கலாய்க்கிறான், கலாய்ச்சான், கலாய்ப்பான். நீயும் உன் நண்பர்களும் இந்த மூன்று காலங்களையும் இப்படித்தான் சொல்கிறீர்கள். கலாயுறான், கலாய்ஞ்சான், கலாய்வான் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. யாரும் சொல்லாத வடிவத்துக்கு முன்னால் மொழியியலில் ஓர் உடுக்குறி போடுவோம்: \*கலாய்ஞ்சான். இந்தச் சொல்லுக்கு இலக்கண நூல் இல்லை, எந்த ஆசிரியரும் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியதில்லை. அப்படியிருக்க, தமிழ்நாட்டின் எந்த ஊர் மாணவனைக் கேட்டாலும் ஒரே விடை வருவது எப்படி?

உனக்கு முதலில் தோன்றக்கூடிய விளக்கத்தை நானே சொல்கிறேன். தமிழில் 'ய்' என்று முடியும் வினைகள் பலவற்றுக்கு இரண்டு வாழ்வு உண்டு. மாடு தானாக மேய்ஞ்சுது, பையன் மாட்டை மேய்ச்சான். மரம் சாய்ஞ்சுது, அவன் மரத்தைச் சாய்ச்சான். செருப்பு தேய்ஞ்சுது, அவள் பாத்திரத்தைத் தேய்ச்சாள். தானாக நடந்தால் 'ஞ்ச', இன்னொன்றின் மேல் செய்தால் 'ச்ச'. கலாய்ப்பதை நாம் இன்னொருவர் மேல்தான் செய்கிறோம். 'அவனைக் கலாய்ச்சான்' என்கிறோம். செயப்படுபொருள் இருப்பதால் 'ச்ச' வந்தது. விஷயம் முடிந்தது என்று தோன்றும்.

முடியவில்லை. எதிர்ச்சான்றைத் தேடிப் பார்க்காமல் எந்த விதியையும் நம்பாதே என்பதுதான் இந்தத் துறையில் நான் உனக்குச் சொல்லித்தரக்கூடிய முக்கியமான பழக்கம். 'நேத்து கச்சேரியில ஜமாய்ச்சுட்டான்' என்கிறோம். ஜமாய்ப்பதற்கு யாரும் எதுவும் செயப்படுபொருளாகத் தேவையில்லை. ஆனாலும் 'ச்ச' வருகிறது. மறுபக்கம் பார், அம்மா கீரையை ஆய்ஞ்சாங்க. கூரையை வேய்ஞ்சாங்க. கீரையும் கூரையும் தெளிவான செயப்படுபொருள்கள், ஆனாலும் 'ஞ்ச'தான். கீரையை யாரும் ஆய்ச்சதில்லை. ஆக, நம் முதல் விளக்கம் இரண்டு பக்கமும் கசிகிறது.

இப்போது வினைகளை வேறு விதமாக அடுக்கிப் பார்ப்போம். ஆய், வேய், மேய், சாய் எல்லாம் தமிழின் பழைய வேர்கள். இவற்றில் எது 'ஞ்ச', எது 'ச்ச' என்பதைக் குழந்தைகள் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு மனதில் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு வந்து சேர்ந்தவற்றைப் பார். வடமொழியிலிருந்து யோசி, வசி, சம்மதி வந்தன. இந்துஸ்தானியிலிருந்து சமாளி, ஜமாய் வந்தன. பேச்சிலே டபாய், கலாய் புழங்குகின்றன. யோசிச்சான், வசிச்சான், சம்மதிச்சான், சமாளிச்சான், ஜமாய்ச்சான், டபாய்ச்சான், கலாய்ச்சான். செயப்படுபொருள் இருப்பதும் இல்லாததும் இதில் கலந்து கிடக்கின்றன, வந்த நூற்றாண்டும் வந்த திசையும் வேறு வேறு. ஆனால் இகரத்திலோ யகர மெய்யிலோ முடிகிற புது வினை எதுவாக இருந்தாலும் 'க்கிற், ச்ச், ப்ப்' என்ற ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது. மற்ற வாசல் பழையவர்களுக்கு மட்டும் திறந்திருக்கிறது, புதியவர்களுக்கு மூடிவிட்டது.

உகரத்தில் முடியும் ஸ்லாங் வினைகளுக்கு வேறு வாசல். சொதப்பு, உருட்டு, பம்மு ஆகியவற்றை எடுத்துக்கொள். சொதப்புனான், உருட்டுனான், பம்முனான் என்கிறோம். ஓடு, பாடு, தேடு போன ஓடுனான், பாடுனான், தேடுனான் வழி அது. \*சொதப்பிச்சான் என்று யாரும் சொல்வதில்லை. சொல்லின் கடைசி ஒலியைப் பார்த்தே வாசல் தீர்மானமாகிறது. பொய்யை அடுக்கிக்கொண்டே போவதற்கு 'உருட்டு' என்ற புதுப் பொருளை யார் முதலில் கொடுத்திருந்தாலும், அதை இறந்தகாலத்தில் எப்படிச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இருக்கவில்லை.

கலாய்ச்சானில் இன்னொரு விதியும் ஒளிந்திருக்கிறது. ஏட்டு வடிவம் கலாய்த்தான் என்று இருக்க வேண்டும். பேச்சில் 'த்த' ஏன் 'ச்ச' ஆனது? சோம்பல் என்பார்கள். சோம்பல் என்றால் எல்லா இடத்திலும் அல்லவா ஆக வேண்டும்? படித்தான் படிச்சான் ஆகிறது, நினைத்தான் நினைச்சான் ஆகிறது, வைத்தான் வச்சான் ஆகிறது. எடுத்தான் எடுச்சான் ஆவதில்லை, படுத்தான் படுச்சான் ஆவதில்லை. அதேபோல் தெரிந்தது தெரிஞ்சது ஆகிறது, நடந்தது நடஞ்சது ஆவதில்லை. முன்னால் இ, ஐ, ய் ஆகிய ஒலிகளில் ஒன்று இருந்தால் மட்டுமே மாற்றம் நடக்கிறது. இந்த மூன்றையும் சொல்லிப் பார், நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழும். அடுத்து வருகிற தகரத்தையும் அது தன் இடத்துக்கு இழுத்துக்கொள்கிறது. சரி, அப்படியென்றால் சித்தி ஏன் சிச்சி ஆகவில்லை, வித்தை ஏன் விச்சை ஆகவில்லை என்று நீ கேட்டால் மகிழ்வேன். மேலே சொன்ன சொற்களில் அந்தத் தகரம் காலம் காட்டும் இடைநிலை. சித்தியிலும் வித்தையிலும் அது சொல்லின் சொந்த உடம்பு. எந்த ஒலிக்குப் பின்னால் என்பதோடு, சொல்லின் எந்த உறுப்பு என்பதையும் பேசுகிறவரின் மனம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பேருந்தில் தொங்கிக்கொண்டு நண்பனைக் கலாய்க்கிற பையன் இத்தனையையும் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடுகிறான்.

காப்பி அடித்தவனும் காப்பி பண்ணியவனும்

ஸ்லாங் வெறுமனே பேச்சுத்தமிழின் விதிகளுக்குள் அடங்கிப்போகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் அது சில இடங்களில் தனக்கென்றே நுட்பமான வேறுபாடுகளை வளர்த்து வைத்திருக்கிறது. அவற்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

'பரீட்சையில காப்பி அடிச்சான்.' 'அந்த ஃபைலை பென்டிரைவ்ல காப்பி பண்ணான்.' இரண்டிலும் இருப்பது ஒரே ஆங்கிலச் சொல். பின்னால் ஒட்டுகிற வினைதான் வேறு. இப்படி ஒரு பெயரையோ வேற்றுமொழிச் சொல்லையோ வினையாக்க ஒட்டுகிற சொல்லை வினையாக்கி என்போம். இரண்டையும் இடம் மாற்றிப் பார். 'ஃபைலைக் காப்பி அடிச்சான்' என்றால் அவன் மேல் திருட்டுப் பழி விழுந்துவிடும். கணினிக்குத் தெரியாத ஒழுக்க விசாரணையை 'அடி' என்கிற சிறு சொல் செய்துவிடுகிறது. (காலையில் வீட்டில் காப்பி போடுகிறவர் சேதி வேறு. அது வேறு காப்பி, ஆனால் அதற்கும் வினையாக்கி பிசகுவதில்லை.)

'கட்' என்ற சொல்லிலும் இதைப் பார்க்கலாம். போனைக் கட் பண்ணான். கிளாஸைக் கட் அடிச்சான். தற்செயல் அல்ல என்பதற்கு ஒரு சோதனை உண்டு. 'பண்ணு' வருகிற இடத்தில் பெரும்பாலும் 'ஆகு' என்று மாற்றி, செய்தவரை வாக்கியத்திலிருந்து நீக்கிவிடலாம். போன் கட் ஆயிடுச்சு. ஃபைல் காப்பி ஆயிடுச்சு. மெசேஜ் டெலிட் ஆயிடுச்சு. யார் செய்தது என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 'அடி'க்கு இந்த மாற்றம் கிடையாது. வகுப்புக்குப் போகாமல் சினிமாவுக்குப் போனவன், 'கிளாஸ் கட் ஆயிடுச்சு' என்று சொன்னால் ஆசிரியர் வரவில்லை என்று பொருளாகுமே தவிர, அவன் ஏய்த்தான் என்று ஆகாது. ஏய்ப்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளை வாக்கியத்திலிருந்து நழுவவிடாமல் பிடித்து வைக்கிறது இந்த ஸ்லாங் அமைப்பு.

'அடி' சேர்கிற மற்றச் சொற்களையும் அருகில் வைத்துப் பார். தண்ணி அடி, தம் அடி, சைட் அடி, பிட் அடி, ஓபி அடி, அரட்டை அடி. செய்கிறவருக்குச் சுகம், மேற்பார்க்கிறவருக்குப் பிடிக்காது என்கிற ஒரு சாயை இவற்றின் மேல் படிந்திருக்கிறது. இது இறுக்கமான விதி என்று சொல்லமாட்டேன். பெயின்ட் அடி, ஹாரன் அடி, டைப் அடி என்று குற்றமற்ற கூட்டம் ஒன்றும் இருக்கிறது. அங்கே கை ஒன்றின் மேல் படும் பழைய பொருள் ஏதோ ஒரு வகையில் தங்கியிருக்கிறது. இரண்டு கூட்டங்களும் தனித்தனி. புதிதாக ஒரு திருட்டுச் சுகம் பிறந்தால் அது 'அடி'யோடு சேரத்தான் வாய்ப்பு அதிகம் என்பது வரைதான் நான் துணிவேன்.

உரிச்சொல் போல வருகிற ஸ்லாங்கிலும் இப்படித்தான். 'செம படம்' என்கிறாய், 'படம் செம' என்றும் சொல்கிறாய். 'மரண அடி', 'மரண மாஸ்' என்கிறாய், ஆனால் \*'படம் மரண' என்று நிறுத்தமாட்டாய். காரணம் பழைய இலக்கணத்திலேயே இருக்கிறது. மரம் என்பது கிளைக்கு முன்னால் வரும்போது மகரத்தை இழந்து மரக்கிளை ஆகிறது. அந்த 'மர' தனியே வாக்கிய இறுதியில் நிற்காது. மரணம் என்பதன் 'மரண'வும் அதே போலத்தான். அடுத்த சொல்லின் தோளில் கை போட்டுக்கொண்டுதான் அது நிற்கும். ஸ்லாங்கில் பொருள் தலைகீழாக மாறி, சாவைக் குறித்த சொல் கொண்டாட்டத்தைக் குறித்தபோதும், சொல்லின் வடிவம் தன் பழைய கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்கவில்லை.

ஹார்லத்தில் கண்டது

இந்த முறையில் பேச்சை ஆராயக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் வில்லியம் லபோவ். 1960களில் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் கறுப்பின இளைஞர்களின் பேச்சை அவரும் குழுவினரும் பதிவுசெய்தார்கள். அது ஸ்லாங் அல்ல, தனக்கென ஒலியும் இலக்கணமும் உள்ள ஒரு கிளைமொழி. இந்த வேறுபாட்டை நீ கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதன் மேல் சுமத்தப்பட்ட பழி உன் கட்டுரையில் இருந்த அதே பழிதான்: அரைகுறை, சிதைவு, சோம்பல்.

அந்த இளைஞர்கள் 'ஷி இஸ் மை சிஸ்டர்' என்பதற்குப் பதில் 'ஷி மை சிஸ்டர்' என்பார்கள். தமிழ் பேசும் நமக்கு இது விநோதமே இல்லை. 'அவ என் தங்கச்சி' என்று நாமும் வினை இல்லாமல்தான் சொல்கிறோம். ஆங்கில ஆசிரியர்களுக்கு அது பிழையாகத் தெரிந்தது. லபோவ் 1969இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியது இதுதான். பொது ஆங்கிலத்தில் 'ஷி இஸ்' என்பதை 'ஷீஸ்' என்று எங்கெல்லாம் சுருக்க முடியுமோ, அங்கெல்லாம் இவர்கள் அதை விட்டுவிட முடியும். எங்கே சுருக்க முடியாதோ, அங்கே இவர்களும் விடுவதில்லை. 'ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்' என்ற வாக்கியத்தின் கடைசி 'இஸ்'ஸை எந்த ஆங்கிலேயரும் சுருக்கமாட்டார். ஹார்லத்துப் பையனும் அதை விடமாட்டான். சோம்பலால் விடுகிறவன் வாக்கியத்தின் கடைசியில் மட்டும் ஏன் சுறுசுறுப்பாக வேண்டும்? பொது ஆங்கிலத்தின் சுருக்க விதியை உள்ளுக்குள் முழுதாக அறிந்தவனால்தான் அதை இன்னும் ஒரு படி நீட்டிக்கொண்டு போக முடியும்.

பேச்சைப் பிழை என்று முத்திரை குத்தினால் பிள்ளைகள் தலையில் அது எப்படி விடியும் என்பதற்கும் அமெரிக்காவில் ஒரு பதிவு இருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், கறுப்பினக் குழந்தைகளின் வீட்டு மொழியைக் கணக்கில் எடுக்காமல் படிக்கக் கற்றுக்கொடுத்தது பற்றிய வழக்கில் லபோவ் சாட்சியம் சொன்னார். 1979இல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் அந்த மொழியை ஆசிரியர்கள் அறிந்துகொள்ள நடவடிக்கை எடுக்கும்படி பள்ளி நிர்வாகத்துக்கு உத்தரவிட்டார். விதிகளை உடுக்குறி போட்டு அடுக்குகிற நம் வேலை, நீதிமன்றத்தில் குழந்தைகளுக்குப் பயன்பட்ட வேலையும்கூட.

விதி எட்டாத இடங்கள்

எல்லாவற்றுக்கும் விதி உண்டு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அடுத்த வருடம் எந்தச் சொல் ஸ்லாங்காகும் என்று எந்த மொழியியலாளராலும் சொல்ல முடியாது. 'கெத்து' பிழைத்துக்கொண்டு வேறொரு சொல் மறைந்துபோவதற்கு சினிமா, விடுதி, நண்பர் கூட்டம் எனப் பல காரணங்கள். அவை இலக்கணத்துக்கு வெளியே இருக்கின்றன. எந்தச் சொல் வரும் என்பது கணிக்க முடியாதது, வந்த சொல் எப்படி நடந்துகொள்ளும் என்பது கணிக்கக்கூடியது. நாம் உரிமை கொண்டாடுவது இரண்டாவதற்கு மட்டும்.

விதி உள்ள பேச்சு என்பதால் எல்லா இடத்துக்கும் ஏற்ற பேச்சு என்றும் ஆகாது. பருவத்தேர்வு விடைத்தாளில் 'ஆசிரியர் கலாய்ச்சுட்டார்' என்று எழுதினால் நானே மதிப்பெண் குறைப்பேன். இலக்கணம் தப்பு என்பதற்காக அல்ல, இடம் தப்பு என்பதற்காக. கல்யாண வீட்டுக்கு ஒரு பேச்சு, நண்பர்களிடம் ஒரு பேச்சு என்று நீ மாற்றிப் பேசுகிறாயே, எங்கே எது என்று அறிந்த அந்தத் தேர்ச்சியும் மொழியறிவின் பகுதிதான். எது இடத்துக்குப் பொருந்தாதது, எது இலக்கணத்துக்குப் பொருந்தாதது என்ற இரண்டையும் குழப்பியதுதான் உன் பத்தியில் இருந்த சிக்கல் என்று நினைக்கிறேன். \*கலாய்ஞ்சான் இலக்கணத்துக்குப் பொருந்தாது. கலாய்ச்சான் விடைத்தாளுக்குப் பொருந்தாது. இரண்டும் ஒரே வகைத் தவறல்ல.

உனக்கு ஒரு வேலை

என் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், சோதித்துப் பார்த்துவிட்டு வா. 1958இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் அமெரிக்கக் குழந்தைகளிடம் பறவை போன்ற ஓர் உருவத்தைக் காட்டி, அதன் பெயர் 'வக்' என்றார். அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் கிடையாது. பிறகு இரண்டு உருவங்களைக் காட்டி, இப்போது இரண்டு என்ன இருக்கிறது என்று கேட்டார். பள்ளிக்குப் போகத் தொடங்கியிராத குழந்தைகளில்கூடப் பெரும்பாலோர் சரியான பன்மை வடிவத்தைச் சொன்னார்கள். கேட்டிராத சொல்லை மனப்பாடம் செய்திருக்க முடியாது, ஆகவே அவர்களிடம் இருந்தது விதி. இதையே நீ தமிழில் செய்.

இல்லாத சொற்களை உருவாக்கிக்கொள். 'ஜிலாய்' என்றால் ஒருவரைப் பேச்சில் மடக்குவது என்றும், 'டொமி' என்றால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவது என்றும் வைத்துக்கொள்வோம். ஒன்றுக்குச் செயப்படுபொருள் உண்டு, மற்றதற்குக் கிடையாது. ஜிலாய் மட்டும் போதாது. அது கலாய்க்கு எதுகையாக இருப்பதால், கேட்கப்படுபவர் விதியைப் பின்பற்றுகிறாரா, கலாயைப் பார்த்து அப்படியே சொல்கிறாரா என்று உனக்குத் தெரியாமல் போகும். 'டொமி' அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும்.

கேள்வியில் விடை கசியக் கூடாது. 'ரவி ஜிலாய்க்கிறான், நேத்து என்ன பண்ணான்?' என்று கேட்டால் 'க்கிற்' என்று நீயே வாசலைக் காட்டிவிடுகிறாய். ஏவல் வடிவத்தில் கேள். 'ரவிகிட்ட, அவனை ஜிலாய்டான்னு சொன்னாங்க. ரவி உடனே அவனை என்ன பண்ணான்?' ஏவல் வடிவம் எந்த வாசலையும் காட்டிக்கொடுக்காது.

இன்னொரு எச்சரிக்கை. 'நீங்க இப்படிச் சொல்வீங்களா, அப்படிச் சொல்வீங்களா?' என்று நேரடியாகக் கேட்காதே. கேட்டவுடன் எல்லோரும் தமிழாசிரியர் முன்னால் நிற்பதுபோல் விறைத்துக்கொண்டு, தாங்கள் பேசுவதை விட்டுவிட்டுப் பேச வேண்டியதைச் சொல்வார்கள். லபோவ் 1962இல் நியூயார்க் கடைகளில் 'நான்காவது தளம்' என்று விற்பனையாளர்கள் சொல்வதில் ரகரம் ஒலிக்கிறதா என்று அறிய விரும்பியபோது, உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்காவது தளத்தில் இருக்கும் ஒரு பொருள் எங்கே கிடைக்கும் என்று வாடிக்கையாளர் போல விசாரித்தார். பதில் வந்ததும் காதில் விழாதவர் போல மறுபடி கேட்டு, இரண்டாவது முறை நிதானமாகச் சொல்லும்போது எப்படி ஒலிக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டார். நீயும் இதை ஒரு விளையாட்டாகச் சொல்லிக் கேள். விடையைப் பெற்ற பிறகு எதற்காகக் கேட்டாய் என்று சொல்லி, எழுதிக்கொள்ள அனுமதி வாங்கிவிடு.

சிலர் 'ஜிலாய்ச்சான்' என்றும் சொல்லாமல் 'ஜிலாய்ஞ்சான்' என்றும் சொல்லாமல் 'ஜிலாய் பண்ணான்' என்று தப்பித்துக்கொள்ளக்கூடும். அதைத் தள்ளிவிடாதே. இந்தச் சொல் தமிழ் வினையில்லை, வெளியூர்ச் சொல் என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள் என்று பொருள். அதுவும் ஒரு விதிதான், காப்பி பண்ணினானே அந்த விதி. யார் அப்படிச் சொன்னார்கள், அவர்கள் வயது என்ன, எந்த ஊர் என்று பக்கத்திலேயே எழுதிவை. என் கணக்குக்கு ஒத்துவராத விடைகளுக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்கு. 'டொமிஞ்சான்' என்று பலர் சொல்லியிருந்தால், ஒற்றை வாசல் என்று நான் மேலே எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கும். அதற்கு நான் தயார்.

உன் விடுதி நண்பர்கள், ஊரில் இருக்கும் பாட்டி, கேன்டீனில் டீ போடுகிற அண்ணன் என்று வேறுவேறு ஆட்களிடம் கேட்டு, திங்கட்கிழமை வகுப்புக்குக் குறிப்பேட்டோடு வா. முதல் அரைமணி நேரம் உனக்கு.

அன்புடன்,
உன் மொழியியல் ஆசிரியர்